என் டிரம் தண்ணீர் மஞ்சளாகவில்லை

எங்கள் தெருவில் மனு என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, நாய்த் தொல்லை, எதுவானாலும் வெள்ளைத் தாளும் கார்பனுமாக என் வாசலில் ஆள் நிற்கும். கையெழுத்து நன்றாக இருக்கும் எனக்கு. வாயும் கொஞ்சம் நீளம். அதனால், குடிதண்ணீரைச் சுத்தமாகச் சேமிப்பது பற்றி ஒரு சின்ன வீடியோ எடுப்பது என்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் முடிவு செய்தபோது, "கதை வசனம் நம்ம தங்கச்சி" என்று தலைவர் அறிவித்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எதையும் கேட்கமாட்டார், விசில் அடித்துவிடுவார்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த நேரம். திண்டுக்கல்லில் மழை பொய்த்துக்கொண்டே இருந்தது. பத்து நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும். சில சமயம் பன்னிரண்டு நாள் ஆகும். வருகிற அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் உள்ள குடம், வாளி, அண்டா, குக்கர் வரை நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வருகிற நாளில் கல்யாணமே இருந்தாலும் ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவோம். பத்து நாள் ஒரே தண்ணீரைக் குடித்தால் அது என்ன கதியாகும் என்று நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

என் வீட்டில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு நீல டிரம். அதன் மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை. தினமும் வெளியே துடைப்பேன். வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதற்கு மேல் மூடி போட்டிருப்பேன். வருகிறவர்கள் கையை விட்டுவிடக் கூடாது என்று நீளக் கைப்பிடி வைத்த சொம்பு ஒன்று பக்கத்திலேயே தொங்கும். யாராவது டம்ளரை உள்ளே விடப் போனால் "ஏய்ய்" என்று நான் போடும் சத்தத்தில் டம்ளர் கீழே விழுந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். நூல் மில்லில் வேலை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. என்னை அக்கா என்று கூப்பிடுவாள், நான் அவளை "ஏத்தா" என்றுதான் கூப்பிடுவேன். என் இரண்டு பையன்களும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் குழந்தை பாதி நேரம் என் வீட்டில்தான் கிடக்கும். பிரியம் என்றால் அப்படி ஒரு பிரியம் எனக்கு, அதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் அவள் காலை ஷிப்டுக்குப் போயிருந்தபோது பகல் பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மாலை வந்து காலிக் குடங்களைப் பார்த்து அழாத குறையாக நின்றாள். "எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, நான் இல்லையா?" என்று என் டிரம்மில் இருந்து இரண்டு குடம் நிறைய மொண்டு கொடுத்தேன். அந்தத் தெருவில் அப்போது இரண்டு குடம் தண்ணீர் கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அந்த வாரக் கடைசியில் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கண் உள்ளே போய், துவண்ட கீரை மாதிரி ஆகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டது. ஆனால் தெருவில் பேச்சு பிறந்துவிட்டது. வேலைக்குப் போகிறவள், வீட்டைக் கவனிக்க நேரம் ஏது, குடத்தைக் கழுவுகிறாளோ என்னவோ, சுத்தமில்லாத வீடு. பிள்ளைகளை அந்த வீட்டுக்கு விளையாட அனுப்புவதை நிறுத்தினார்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன்" என்று நழுவினார்கள். வீடு தேடி வந்தவர்கள் தண்ணீர் வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்காரிக்கு அதைவிட அடி வேறு இல்லை.

நானும் நழுவினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். "வெயில்ல வந்தேன்த்தா, உடனே குடிச்சா தொண்டை கட்டும்" என்று ஒரு நாள் சொன்னேன். சரிக்கா என்று டம்ளரை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தைக்கு இப்படி ஆனதால்தான் சங்கத்துக்கு வீடியோ யோசனையே வந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ தம்பி ஒருவன் சும்மா எடுத்துத் தருவதாகச் சொன்னான். உள்ளூர் கேபிள் சேனலில், பிறந்தநாள் வாழ்த்துக்கும் திருவிழா வீடியோவுக்கும் நடுவில் எட்டு நிமிடம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

நான் உட்கார்ந்து எழுதினேன். எழுதியது இப்படி இருந்தது:

"காட்சி ஒன்று. வீடு அ. சுத்தமில்லாத வீடு. குடம் மூடி இல்லாமல் இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு அவசரமாக வரும் பெண் டம்ளரோடு கையை உள்ளே விட்டுத் தண்ணீர் மொள்ளுகிறாள். காட்சி இரண்டு. வீடு ஆ. சுத்தமான வீடு. மூடிய டிரம். நீளக் கைப்பிடிச் சொம்பு. இல்லத்தரசி புன்னகையோடு விளக்குகிறாள்."

இல்லத்தரசி யார் என்று கேட்க வேண்டாம். வேலைக்குப் போகும் பெண் யார் என்று தெருவில் எவருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை. நான் அவளை மனதில் வைத்து எழுதவில்லை என்று அப்போது சத்தியமே செய்திருப்பேன்.

சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டினார்கள். "வீடு அ-வுக்கு யாரு?" என்று தலைவர் கேட்டதும் எல்லாரும் பாயைச் சுரண்டத் தொடங்கினார்கள். தன் அடுக்களையைக் கேபிளில் அசிங்கமாகக் காட்ட எவள் சம்மதிப்பாள்? பின்வரிசையில் இருந்து அவள்தான் எழுந்தாள்.

"எங்க வீட்ல எடுத்துக்கங்க. ஏற்கெனவே அப்படித்தான பேசுறாக."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தலைவர் "ரைட்" என்று எழுதிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படப்பிடிப்பு. ஸ்டுடியோ தம்பிக்குக் கல்யாணம் எடுத்தே பழக்கம். குடத்தைக் காட்டச் சொன்னால் என் வளையலைக் காட்டினான். "ஏன்டா, தாலி கட்டுறப்ப சுத்துற மாதிரி சுத்துற? தண்ணியக் காட்டுடா!" என்று கத்தினேன். தலைவர் ஒவ்வொரு காட்சிக்கும் "போலாம் ரைட்" என்றார். நகராட்சி சுகாதார நர்ஸம்மாவும் வந்திருந்தார். கடைசிக் காட்சியில் தண்ணீரைச் சோதித்துக் காட்ட ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, அதில் சில சொட்டு மருந்து விட்டால், கிருமியைக் கொல்கிற குளோரின் தண்ணீரில் மிச்சம் இருந்தால் மஞ்சளாகும். இல்லையென்றால் நிறம் மாறாது. வீடு ஆ மஞ்சளாக வேண்டும், வீடு அ மாறக் கூடாது. அப்படித்தான் எழுதியிருந்தேன்.

கேமரா ஓடுவதற்கு முன் ஒத்திகை பார்த்தார். பக்கத்து வீட்டுக் குடத்துத் தண்ணீரில் சொட்டு விட்டதும் எலுமிச்சைத் தோல் நிறத்தில் பளிச்சென்று மஞ்சள். என் டிரம் தண்ணீரில் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வேறு குழாயில் எடுத்து விட்டார். அப்போதும் ஒன்றுமில்லை.

"உங்க மருந்து பழசா இருக்கும் சிஸ்டர்" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"அதே மருந்துதானம்மா அங்கயும் விட்டேன்" என்றார். "பிள்ளைக்கு முடியாமப் போனதுல இருந்து இந்தப் புள்ள நான் குடுத்த குளோரின் மாத்திரையக் குடத்துக்கு ஒண்ணு போட்டு, அரை மணி நேரம் மூடி வச்சுத்தான் குடிக்குது. குடத்தையும் ஒவ்வொரு தடவையும் தேச்சுக் கழுவிட்டுத்தான் புதுத் தண்ணி புடிக்குது. உங்க டிரம் உள்ள கழுவி எம்புட்டு நாளாச்சு?"

"தினமும் தொடைக்கிறேனே."

"வெளிய. உள்ள?"

வாங்கி நாலு வருடம் ஆகிறது, ஒரு நாளும் உள்ளே கழுவியதில்லை. கழுவ வேண்டுமென்றால் காலி செய்ய வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலியாக வைக்கக் கூடாது என்று பிறந்த வீட்டில் பழக்கிய பழக்கம் எனக்கு. போதாக்குறைக்கு, பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீரை எவளாவது கீழே ஊற்றுவாளா? அடியில் கால் டிரம் கிடக்கும்போதே அதன் மேல் புதுத் தண்ணீரைப் பிடித்துவிடுவேன். நாலு வருடமும் அப்படித்தான்.

"அப்ப அடியில வழுவழுன்னு பாசி புடிச்சிருக்கும்மா. நீங்க மேல நல்ல தண்ணி ஊத்துனாலும் அதுல இருக்கிற குளோரின அந்தப் பாசியே தின்னுரும். மிச்சமிருக்கிற கொஞ்சமும் நாள்பட்டா போயிரும். கிருமி அடியில சொகமா இருக்கும்" என்றார் நர்ஸம்மா. பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு அல்சரு. வீட்ல எப்பவும் சீரகம் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணிதான் குடிப்போம்."

"அதான் தப்பிச்சீங்க."

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு குடம் நினைவுக்கு வந்தது. கொதிக்க வைக்காமல், டிரம்மில் இருந்து நேராக மொண்டு, பெருமையாகக் கொடுத்த இரண்டு குடம். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கேமரா ஒயரைக் குழந்தை மிதிக்காமல் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மாவுக்கு வேறு தெருவில் வேலை இருந்தது. செய்முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனதும் ஸ்டுடியோ தம்பி தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒண்ணுமில்ல. டியூபு ரெண்டையும் மாத்திப் புடிச்சு எடுத்துருவோம். யாருக்குத் தெரியப் போகுது?" தலைவரும் "ஆமாம்மா, படம் நல்லா வரணும்ல. போலாம் ரைட்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள், நியாயம் பேசுகிறவள், வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டு மஞ்சள் குழாயை நான் வாங்கிக்கொண்டேன். என் வீட்டு நிறமில்லாத குழாயை அவள் வாங்கிக்கொண்டாள். நான் எழுதிக்கொடுத்த வசனத்தை அவள் ஒப்பித்தாள்: "ஐயையோ, எங்க வீட்டுத் தண்ணியில இம்புட்டுக் கிருமியா?" வாசலில் நின்ற குழந்தை, "அம்மா, நம்மளுதுதான மஞ்ச?" என்று கேட்டது. "கட்! கட்!" என்று தம்பி கத்தினான். "பாப்பாவ வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார்கள். பாப்பா இல்லாமல் இன்னொரு முறை எடுத்தார்கள். அவள் மறுபடியும் அதே வசனத்தைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து டிரம்மைத் திறந்தேன். மேலே தண்ணீர் பளிங்காகத்தான் இருந்தது. குடம் குடமாக மொண்டு, கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றினேன். "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? அடுத்த தண்ணிக்கு இன்னும் அஞ்சு நாளு கெடக்கு!" என்று வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். டிரம்மைச் சாய்த்துக் கையை உள்ளே விட்டேன். அடியெல்லாம் வழவழவென்று பச்சையாக, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். இதைத்தானே அந்தப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தேன், பாவி. கொடுத்ததும் இல்லாமல், அதற்கு அவளையே கெட்ட பெயர் சுமக்க வைத்தேன்.

அப்படியே கையைக் கழுவி, தலைவர் வீட்டுக்குப் போனேன். கடைசிக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். விவரம் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"ஏம்மா, சங்கத்துல உள்ள பொம்பளையே இப்படின்னா சங்கத்துக்குத்தான கெட்ட பேரு? ஒன் தண்ணியாலதான் வந்துச்சுன்னு யாரு கண்டா?"

"யாரும் காணலண்ணே. அவ வீட்டுத் தண்ணியாலதான் வந்துச்சுன்னு மட்டும் யாரு கண்டா? அதத் தெருவே பேசலையா? நீங்க ரைட் சொன்னாலும் சொல்லாட்டியும் நாளைக்குக் காலையில கேமரா எங்க வீட்டுக்கு வருது."

வந்தது. தாள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. டிரம்மைக் கழுவாமல் அப்படியே சாய்த்து வைத்திருந்தேன். கேமராவை உள்ளே விட்டு அடியைக் காட்டச் சொன்னேன். பிறகு பேசினேன். படத்தில் காட்டிய சுத்தமான வீடு சுத்தமில்லாதது, அது என் வீடு. மஞ்சளான தண்ணீர் பக்கத்து வீட்டுடையது, அதை நான் வாங்கிப் பிடித்தேன். இந்த டிரம் தண்ணீரைத்தான் அந்தக் குழந்தைக்குக் கொடுத்தேன். தண்ணீரைக் காலி செய்ய மனசு வராதவர்கள் செடிக்கு ஊற்றுங்கள், துணி அலசுங்கள். புதுத் தண்ணீர் பிடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மூடி வையுங்கள், கையை விடாமல் மொள்ளுங்கள். குடத்துக்கு ஒரு மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுங்கள், இல்லையென்றால் தளதளவென்று கொதிக்க வையுங்கள். எல்லாம் சொல்லி முடித்து, "வெளிய தொடைச்சு மினுக்கி வச்சு ஏமாந்தவ நானு" என்றேன். தம்பி கேமராவை நிறுத்தவே மறந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கேபிளில் போட்டார்கள். தெருவே தலைவர் வீட்டில் கூடியிருந்தது. நான் போகவில்லை. மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? வீட்டிலேயே டி.வி.யைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் அவள் உள்ளே வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். என் முகம் வந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முடிந்ததும், "என்ன மன்னிச்சிருத்தா" என்றேன். "எனக்குத் தெரியவே தெரியாதுடி."

"எனக்குத் தெரியும்க்கா."

நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியிலயே கேட்டாக, எங்க புடிச்ச தண்ணின்னு. அந்த வாரம் எங்க வீட்ல ஒன்னோட ரெண்டு குடத்தத் தவிர வேற தண்ணியே இல்லையேக்கா. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அடிப்பாவி! பெறகு ஏன்டி வாயத் தொறக்கல? தெருவே ஒன்னப் பேசுச்சு. நான் பேசுனேன். ஒங்கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்கல."

பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "தண்ணியில்லாம நின்னப்ப தெருவுல ஒருத்தரும் ஒரு சொம்பு குடுக்கல. நீதான் ரெண்டு குடம் குடுத்த. குடுத்தவளப் போயி எப்படிக்கா காட்டிக் குடுக்குறது?"

வாய் நீளம் என்று பெயர் வாங்கிய நான், சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதேன். வயதில் சின்னவள் என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு இந்த அழுகையெல்லாம் சலிப்பாகிவிட்டது. என் முழங்காலைப் பிடித்து உலுக்கி, "பெரியம்மா, தண்ணி" என்றது.

எழுந்தேன். சொம்பை எடுத்தேன். கழுவிய டிரம், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மூடிய பானை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் டம்ளரில் ஊற்றியதை நீட்ட முடியவில்லை. அவளைப் பார்த்தேன்.

"குடுக்கா" என்றாள். "குடிக்கட்டும்."